தள்ளிப் போயி அழுவுங்க: ஒரு நகைச்சுவைத் துணுக்கைச் சிறு அவைகளில் சோதித்த விவரம்

பாபநாசம் வட்டத்தில் பள்ளி ஆசிரியராக இருக்கும் பட்டிமன்றப் பேச்சாளர் ஒருவர், பொங்கல் விழா மேடைக்காகப் புதிதாக எழுதிய நகைச்சுவைத் துணுக்கு ஒன்றை, ஐப்பசி முதல் மார்கழி வரை சில சிறு அவைகளில் சொல்லிப் பார்த்தார். அவர் பேசும்போது ஓரமாக அமர்ந்து, கேட்பவர்களின் முகத்தையும் ஒலியையும் கவனித்துக் குறித்துக்கொள்ளும் பொறுப்பை நான் ஏற்றிருந்தேன். ஏறத்தாழ ஒரே கதையைச் சொன்னபோதும் ஓர் அவையில் கேள்வி எழுந்தது, ஓர் அவையில் கைதட்டல் எழுந்தது, ஓர் அவையில்தான் சிரிப்பு எழுந்தது. முதல் இரண்டையும் வெற்றி என்று எடுத்துக்கொள்வதற்கு எல்லாக் காரணமும் இருந்தது. அப்படி எடுத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு எதிர்வினையும் துணுக்கின் எந்தச் சொல்லிலிருந்து வந்தது என்று தேடியதால்தான் அது மேடையேறும் நிலைக்கு வந்தது. அந்தத் தேடலின் விவரம்தான் இது.

துணுக்கின் களம்

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறக்கப்பட்டால், டெல்டாவில் குறுவை அறுவடை புரட்டாசி, ஐப்பசியில் வரும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் அந்த நேரத்தில்தான். அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்திற்கு மேல் இருக்கக் கூடாது என்பது பொதுவான விதி. சில ஆண்டுகளில் மழையைக் காரணம் காட்டி இந்த வரம்பு தளர்த்தப்படுவது உண்டு. தளர்த்தப்படாத நாள்களில் விவசாயிகள் நெல்லைச் சாலையில் பரப்பிக் காய வைப்பதும், மேகம் கூடினால் தார்ப்பாயை இழுத்து மூடுவதும், மீண்டும் ஈரப்பதம் அளக்கக் கொண்டுபோவதும் இங்கே எல்லோரும் பார்த்த காட்சிகள். துணுக்கு இதிலிருந்துதான் பிறந்தது. அதன் முதல் வடிவம், அவர் பேசியபடியே:

"ஒரு விவசாயி நெல்லக் கொண்டுக்கிட்டு கொள்முதல் நிலையத்துக்குப் போனாரு. மிஷின வச்சுப் பாத்தா பத்தொம்பது. காய வச்சுக் கொண்டான்னுட்டாங்க. ரெண்டு நாள் ரோட்டுல காய வச்சுக் கொண்டுபோனா பதினெட்டு. மறுபடியும் காய வச்சுக் கொண்டுபோனா பதினேழரை. மனுஷன் அந்த நெல்லு குவியல் மேலயே உக்காந்து அழுவ ஆரம்பிச்சுட்டாரு. அதிகாரி ஓடி வந்து, 'யோவ், அழுவாத, ஈரப்பதம் ஏறிடும்'னு சொன்னாராம்."

கரு நல்லது என்பதில் எனக்கு முதலிலிருந்தே ஐயம் இல்லை. கண்ணீரும் ஈரம்தான் என்ற எண்ணம் எளிதானது, ஆனால் எதிர்பாராதது. ஆயினும் கரு நல்லது என்பதும் துணுக்கு சிரிப்பை எழுப்பும் என்பதும் வெவ்வேறு செய்திகள். இரண்டாவதைக் கேட்பவர்கள் மட்டுமே சொல்ல முடியும்.

தேநீர்க் கடை: "எந்த ஊர்ல இது?"

முதல் சோதனை அவருடைய ஊரின் தேநீர்க் கடைப் பலகையில், காலை நேரத்தில் நடந்தது. ஐந்தாறு பேர் இருந்தார்கள். பாதிப் பேர் வயல் வைத்திருப்பவர்கள். அவர் இது ஒரு துணுக்கு என்று அறிவிக்காமல், பேச்சுவாக்கில் சொன்னார். அறிவித்துவிட்டுச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கக் கடமைப்பட்டவர்களாகிவிடுவார்கள், குறிப்பாக ஊர் ஆசிரியர் சொல்லும்போது, என்பது அவருடைய கணக்கு. அது சரியான கணக்குதான். ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது.

பத்தொம்பது, பதினெட்டு, பதினேழரை என்று எண்கள் இறங்கியபோது தலைகள் ஆடின. "ஆமா, அப்படித்தான்" என்று ஒருவர் முணுமுணுத்தார். கடைசி வரி வந்ததும் ஒருவர் மூக்கால் லேசாகச் சிரித்தார். மற்றவர்கள் அமைதியாக இருந்தார்கள். பிறகு ஒரு முதியவர் கேட்டார்: "எந்த ஊர்ல தம்பி இது? அந்த ஆள் பேரு என்ன, கேட்டியா?" அதன்பின் ஆளுக்கொரு கதையாகத் தங்கள் நெல் திரும்பிய கதைகளைச் சொல்லத் தொடங்கினார்கள். பேச்சு நெடுநேரம் ஓடியது.

இதை வெற்றி என்று எண்ணுவது இயல்பு. அத்தனை பேரும் பேசினார்கள், அத்தனை பேருக்கும் கதை தைத்திருந்தது. ஆனால் நகைச்சுவைச் சோதனையில் "எந்த ஊர்ல?" என்ற கேள்வியைவிடத் தெளிவான தோல்விக் குறி குறைவு. கேட்டவர் அதை நடந்த செய்தியாக எடுத்துக்கொண்டார் என்பதே அதன் பொருள். செய்தியாக எடுத்துக்கொண்டவருக்கு அழுகிற விவசாயி உண்மையான மனிதர். அதட்டும் அதிகாரியும் உண்மையான மனிதர். அவர் சிரிக்க வேண்டிய இடத்தில் கோபப்படுவார், அல்லது இரங்குவார். அந்த வாரம் அந்தப் பலகையில் இருந்தவர்களில் சிலருடைய நெல் அப்போதும் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூக்கால் வந்த அந்த ஒற்றைச் சிரிப்பையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் புரோவின் 1990-களில் இயல்பான உரையாடல்களில் எழும் சிரிப்புகளைச் சேகரித்துப் பார்த்தபோது, அவற்றில் பெரும்பாலானவை நகைச்சுவையான எதற்கும் பின்னால் வரவில்லை, "சரி, அப்புறம் பார்ப்போம்" போன்ற சாதாரண வாக்கியங்களுக்குப் பின்னால்தான் வந்தன என்று கண்டார். நாலு பேர் கூடிப் பேசும் இடத்தில் சிரிப்பு என்பது உறவைக் காட்டும் ஒலி. எனவே தேநீர்க் கடையில் ஒருவர் சிரித்தார் என்பது துணுக்கைப் பற்றி எதையும் நிறுவாது.

அங்கே உண்மையில் பயனுள்ள தகவல் மறுநாள்தான் கிடைத்தது. முதல் நாள் கேட்டவர்களில் ஒருவர், வராத இன்னொருவருக்கு அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர் திருப்பிச் சொல்வதைப் போன்ற சோதனை வேறு இல்லை. நினைவில் தங்கியது மட்டும்தான் அதில் வரும், தங்காதது உதிர்ந்துவிடும். அவர் சொன்னபோது பத்தொம்பதும் பதினெட்டும் இல்லை. "எத்தன தடவ காய வச்சாலும் தேற மாட்டேங்குது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அதிகாரியின் "யோவ், அழுவாத" என்பதும் மாறியிருந்தது. அவர் வாயில் அது "தள்ளிப் போயி அழுவுங்க" என்று வந்தது. ஈரப்பதம் ஏறிவிடும் என்ற காரணத்தை அவர் சொல்லவே இல்லை. கேட்டவர் சிரித்தார், சற்று உரக்கவே.

இந்த மாற்றம் தற்செயலாக வந்தது என்றாலும் அதன் வேலை நுட்பமானது. "அழாதே" என்பது தடை. யாரும் யாரிடமும் சொல்லக்கூடியது. "தள்ளிப் போய் அழுங்கள்" என்பதோ அழுகைக்கு அனுமதி தருகிறது, அழும் இடத்தை மட்டும் மாற்றச் சொல்கிறது. ஏன் இடம் மாற வேண்டும் என்று கேட்பவர் மனம் ஒரு கணம் தேடி, நெல்லையும் கண்ணீரையும் தானே இணைத்துக்கொள்கிறது. அந்த இணைப்பைக் கேட்பவரே செய்யும்போதுதான் சிரிப்பு வருகிறது. நாம் செய்து கொடுத்தால் அது விளக்கமாகிவிடுகிறது. பேச்சாளர் அந்த வரியை அப்படியே எடுத்துக்கொண்டார்.

நூலக மாடி: சிரிப்பும் கைதட்டலும்

இரண்டாவது சோதனை கும்பகோணத்தில் ஒரு நூலக மாடியறையில் கூடும் வாசிப்பு வட்டத்தில். ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள், சில கல்லூரி மாணவர்கள் என்று பதினைந்து பேருக்குள் இருக்கும். இம்முறை சோதனையைச் சற்று ஒழுங்காக அமைத்தோம். புதிய துணுக்குக்கு முன்னும் பின்னும், பல மேடைகளில் தவறாமல் சிரிப்பு வாங்கிய பழைய துணுக்கு ஒவ்வொன்றைச் சொல்வது என்று முடிவு செய்தோம். பழைய துணுக்குக்கே சிரிப்பு வராவிட்டால் அவை களைத்திருக்கிறது அல்லது இறுக்கமாக இருக்கிறது என்று பொருள். அப்போது புதியது விழுந்தாலும் அதைக் குறை சொல்லக் கூடாது. பழையதற்குச் சிரித்துவிட்டுப் புதியதற்கு மட்டும் அமைதியானால்தான் குறை துணுக்கினுடையது. இந்த அளவுகோல் இல்லாமல் சிறு அவையில் எதையும் மதிப்பிட முடியாது என்பது என் உறுதியான கருத்து, ஏனென்றால் பதினைந்து பேரில் மூவருக்குத் தலைவலி இருந்தால் அது அவையின் ஐந்தில் ஒரு பங்கு.

நாற்காலிகளையும் நெருக்கிப் போட்டோம். சிரிப்பு ஒருவரிடமிருந்து பக்கத்திலிருப்பவருக்குப் பரவுவது. இடையில் காலி நாற்காலிகள் இருந்தால் அது அங்கேயே நின்றுவிடும். கூட்டத்தாரிடம் சொல்லிவிட்டு ஒரு கைப்பேசியை மேசையில் வைத்து ஒலிப்பதிவு செய்தோம். மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தால் இரைச்சல்தான் பதிவாகும் என்பதால் மேசையின் ஓரத்தில் வைத்தோம்.

இந்தச் சோதனைக்காக அவர் துணுக்கின் முடிவில் ஒரு புதிய வரியைச் சேர்த்திருந்தார். அதிகாரி தள்ளிப் போய் அழச் சொன்னதும், விவசாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "ஐயா, அந்த மிஷின உங்க நெஞ்சுல கொஞ்சம் வச்சுப் பாருங்க. ஒரு சதவீதமாவது காட்டுதான்னு பாப்போம்" என்கிறார். ஈரம் என்ற சொல்லையே சொல்லாமல் நெஞ்சின் ஈரத்தைக் கேட்கும் அந்த வரி அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. எனக்கும்தான்.

முதல் பழைய துணுக்குக்கு அறை உடனே சிரித்தது. புதியதில் "தள்ளிப் போயி அழுவுங்க" என்ற இடத்தில் முதலில் சிரித்தவர்கள் முன் வரிசையில் இருந்த இருவர். அவர்கள் பேச்சாளருடன் ஒரே பள்ளியில் வேலை செய்பவர்கள். சிரிக்கும்போது அவரைப் பார்த்தே சிரித்தார்கள், ஒருவரையொருவர் பார்க்கவில்லை. வாய் விரிந்தது, கண்ணோரம் சுருங்கவில்லை. உண்மையான மகிழ்ச்சியில் கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சேர்ந்து இயங்கும், அதை விருப்பப்படி இயக்குவது கடினம் என்று பிரெஞ்சு மருத்துவர் டூஷென் 1862-இலேயே எழுதினார். எல்லோர் முகத்திலும் இது பிசகில்லாமல் வேலை செய்யும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நண்பர்களின் ஆதரவுச் சிரிப்பைக் கழித்துவிட்டு எண்ணுவதற்கு இது போதுமான துணை. மற்றவர்களின் சிரிப்பு ஒரு மூச்சு தாமதமாக, சிதறலாக வந்தது. ஓய்வுபெற்ற ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "பதினேழுன்னா என்ன சார் கணக்கு?" என்று மெல்லக் கேட்டது எனக்குக் கேட்டது.

பிறகு நெஞ்சு வரி வந்தது. அறை கைதட்டியது. நன்றாக, ஒருமித்து, நீண்ட நேரம் தட்டியது. பேச்சாளரின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அடுத்து அவர் இரண்டாவது பழைய துணுக்கைச் சொன்னார். எங்கும் தவறாத அந்தத் துணுக்குக்கு அன்று பாதிச் சிரிப்புகூட வரவில்லை.

அன்று இரவு ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டபோது மூன்று செய்திகள் தெளிவாயின.

முதலாவது தமிழ் வாக்கியத்தின் அமைப்பைப் பற்றியது. நம் மொழியில் வினை இறுதியில் வரும். ஒருவர் சொன்னதை எடுத்துச் சொன்னால் "என்று சொன்னார்" என்பது பேச்சுக்குப் பின்னால்தான் நிற்கும். அவர் "'தள்ளிப் போயி அழுவுங்க'ன்னு சொன்னாராம் அந்த அதிகாரி" என்று முடித்திருந்தார். சிரிப்பு எழ வேண்டிய சொல் முடிந்த பிறகும் அவர் வாய் ஓயவில்லை. ஒலிப்பதிவில், "அழுவுங்க" என்றதும் யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்குவதும், "ன்னு சொன்னாராம்" என்ற ஒலி அதை அமுக்குவதும், பேச்சாளர் இன்னும் ஏதோ சொல்லப்போகிறார் என்று எண்ணி அவர் நிறுத்திக்கொள்வதும் கேட்டது. கேட்பவர்கள் மரியாதை தெரிந்தவர்கள். பேசுபவர் பேசிக்கொண்டிருக்கும்போது சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். இதற்குப் பல பேச்சாளர்கள் கண்ட வழி, "என்ன சொன்னார் தெரியுமா?" என்று முன்னால் போட்டுவிடுவது. அது வாலை அறுக்கிறது என்பது உண்மை; ஆனால் இதோ சிரிக்க வேண்டிய இடம் வருகிறது என்று முன்னறிவித்து, எதிர்பாராத தன்மையையும் சேர்த்து அறுத்துவிடுகிறது. இன்னொரு வழி, அதிகாரி என்ன செய்தார் என்பதை முன்னால் சொல்லிவிட்டு, குரலை மாற்றி அவராகவே பேசிவிடுவது. அதிகாரி வந்தார், நின்றார், பிறகு அவர் குரல். குரல் முடிந்ததும் பேச்சாளர் முழு அமைதி. இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தோம்.

இரண்டாவது, தாமதம். தாமதமான சிரிப்பு என்பது முன்கதையில் ஏதோ குறைகிறது என்பதன் குறி. டெல்டாவிலேயே வாழ்ந்தாலும் நெல் விற்காதவருக்கு 17 என்ற எண் நெஞ்சில் இல்லை. வயல்காரர்களுக்கு அந்த எண்ணைச் சொல்லவே தேவையில்லை. நகரத்தாருக்கு அதைத் தொடக்கத்திலேயே நட்டுவிட வேண்டும். அதையும் விளக்கமாக அல்ல, கதையின் நிகழ்ச்சியாக.

மூன்றாவது, கைதட்டல். சிரிப்பு தன்னையறியாமல் வருவது. கைதட்டல் முடிவெடுத்துச் செய்வது. கைதட்டும் அவை "நீ சொல்வதை ஏற்கிறேன்" என்கிறது. அது பேச்சுக்குப் பெருமைதான். ஆனால் ஏற்கிற மனம் நீதி கேட்கிற மனம். அது சற்று நேரத்துக்கு விளையாட்டுக்குத் திரும்பாது. அடுத்த துணுக்கு விழுந்ததற்குக் காரணம் அதுதான் என்று நான் கருதினேன். பேச்சாளர் உடன்படவில்லை. "கைதட்டு வாங்குற வரிய யாராவது எடுப்பாங்களா அண்ணே?" என்றார். இதை வாதிட்டு முடிக்க முடியாது. அடுத்த சோதனைதான் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டோம்.

மகளிர் குழுக்கள்: அதிகாரியின் குரல்

கார்த்திகைக் கடைசியில், அவருடைய ஊரில் இரண்டு தெருக்களின் மகளிர் சுய உதவிக் குழுக்கள் வாரக் கூட்டம் முடிந்த பிறகு சற்று நேரம் ஒதுக்கித் தந்தன. ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு பேர் அளவில். வயது, தொழில், கூட்டத்தின் நேரம் எல்லாம் ஏறத்தாழ ஒன்றே. ஒரே ஒரு கூறை மட்டும் மாற்றிப் பார்க்க இது அரிய வாய்ப்பு.

இதற்குள் துணுக்கின் நடுவில் ஒரு புதிய வரி வந்திருந்தது: "ரோட்டுல காய வச்சு காய வச்சு, பாதி நெல்லு பொரியாவே ஆயிடுச்சு." தேநீர்க் கடையின் "எந்த ஊர்ல?" என்ற கேள்விக்கு விடையாகவே இது சேர்க்கப்பட்டது. வெயிலில் நெல் பொரியாது என்பது எல்லோருக்கும் தெரியும். எனவே இந்த இடத்திலேயே, இது நடந்த செய்தி அல்ல, புனைவு என்று அவை அறிந்துகொள்கிறது. அறிவிப்பு எதுவும் இல்லாமல் அறிந்துகொள்கிறது. கார்த்திகை தீபத்துக்கு நெல்பொரி வாங்கிய வாரமும் அதுவே என்பதால் அந்தச் சொல் அவர்களுக்கு நாவிலேயே இருந்தது.

மாற்றிப் பார்க்கத் தேர்ந்தெடுத்த கூறு, அதிகாரியின் குரல். முதல் குழுவில் அவர் அதிகாரியை அதட்டும் குரலில் பேசினார். இரண்டாவது குழுவில், அதே சொற்களை, பதறிப்போய் ஓடி வந்து தோளில் கைவைத்து ஆறுதல் சொல்பவரின் கனிந்த குரலில் பேசினார். நெஞ்சு வரியை இரண்டிலும் சொல்லவில்லை.

முதல் குழுவில் பொரி வரிக்குச் சிரிப்பு வந்தது. அதட்டலுக்கு வந்தது "ப்ச்" என்ற ஒலி. ஒரு பெண், "பாவம், வயசான மனுஷன்" என்றார். சிலர் சிரித்தார்கள், ஆனால் கையால் வாயை மூடிக்கொண்டு, பக்கத்திலிருப்பவர் சிரிக்கிறாரா என்று பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். அனுமதி தேடும் சிரிப்பு அது. சிரிப்பதற்கு உரியதுதானா இது என்ற ஐயம் அதில் இருக்கிறது.

இரண்டாவது குழுவில், தோளில் கைவைத்து "பெரியவரே" என்று அவர் இழுத்தபோது அறை மிக அமைதியாக இருந்தது. "கொஞ்சம் தள்ளிப் போயி அழுவுங்க" என்றதும் வந்த சிரிப்பு முன்னால் இருந்தவர்களிடமிருந்து தொடங்கவில்லை. பின்சுவரில் சாய்ந்திருந்த ஒரு மூதாட்டியிடமிருந்து தொடங்கி முன்னே வந்தது. சிரித்தவர்கள் பேச்சாளரைப் பார்க்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்தார்கள், ஒருத்தி பக்கத்திலிருந்தவளின் தொடையில் தட்டினாள். சிரிப்பு ஓய்ந்த பிறகு இன்னொருத்தி "தள்ளிப் போயி அழுவணுமாம்" என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சிரிப்பு மறுபடியும் எழுந்தது. நான் இதுவரை குறித்துக்கொண்ட குறிகளில் இதைவிடத் தெளிவான ஒன்று இல்லை.

சொற்கள் மாறவில்லை. குரல் மட்டுமே மாறியது. அது ஏன் இவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கியது என்பதற்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நல்ல விளக்கம் தருகிறது. "எள்ளல் இளமை பேதைமை மடன் என்று உள்ளப்பட்ட நகை நான்கு என்ப" என்று அது சிரிப்பின் பிறப்பிடங்களை நான்காகச் சொல்கிறது. அதட்டும் அதிகாரி விவசாயியை எள்ளுகிறார். அங்கே பிறக்கும் சிரிப்பு எள்ளலின் சிரிப்பு. எள்ளப்படுபவர் தன் மாமனாராகவோ தந்தையாகவோ இருக்கக்கூடிய அவையில் அது எழாது. கனிவாகப் பேசும் அதிகாரியோ யாரையும் எள்ளவில்லை. அவர் உண்மையாகவே இரங்குகிறார். ஆனால் இரங்கும் நேரத்திலும் மிஷினின் எண்ணை விட முடியவில்லை. அந்த நான்கில் ஒன்றான மடன் என்பதற்கு உரைகாரர்கள் கூறும் இலக்கணம் "கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை", அதாவது பிறர் அறிவித்ததைப் பற்றிக்கொண்டு, பற்றியதை விடாதிருப்பது. விதியைப் பற்றிக்கொண்டு கண்ணீரையும் அதே விதியால் அளக்கும் மனிதரை இதைவிடச் சுருக்கமாக விவரிக்க இயலாது. குரல் கனிந்ததும் சிரிப்பின் பொருள் விவசாயியிடமிருந்து அதிகாரிக்கு இடம் மாறிவிட்டது. அழுகிறவரை யாரும் பார்த்துச் சிரிக்கவில்லை.

இந்த விளக்கம் நெஞ்சு வரியின் வழக்கையும் தீர்த்துவைத்தது. "உங்க நெஞ்சுல வச்சுப் பாருங்க" என்ற வரிக்குக் கல்நெஞ்சக்கார அதிகாரி தேவை. "தள்ளிப் போயி அழுவுங்க" என்ற வரிக்கு இளகிய நெஞ்சுள்ள அதிகாரி தேவை. இரண்டு வரிகளும் தனித்தனியே நல்லவை; ஒரே கதையில் இருக்க முடியாதவை. கனிவாகப் பேசியவரிடம் நெஞ்சில் ஈரம் இல்லை என்றால் அவை குழம்பும். குழம்பாமல் இருக்க அவரைக் கொடியவராக்கினால் சிரிப்பு போய்விடும். கைதட்டலா சிரிப்பா என்ற எங்கள் விவாதம் இப்படியாக, எந்த அதிகாரி என்ற கேள்வியாகச் சுருங்கியது. பேச்சாளர் தாமே அந்த வரியைத் துணுக்கிலிருந்து எடுத்து, பட்டிமன்றத்தில் தம் தரப்பை நிறைவு செய்யும் பகுதிக்குக் கொண்டுபோனார். அங்கே கைதட்டல்தான் தேவை.

மேடையில்

பொங்கல் விழாவில் அவர் சொன்ன வடிவம் இது:

"நெல்லுல ஈரம் பதினேழுக்கு மேல இருந்தா எடுக்க மாட்டாங்க. இவரு கொண்டுபோனாரு, பதினேழரை. அரைதானேன்னாரு. அரைதான், காய வச்சுக் கொண்டாங்கன்னுட்டாங்க. ரோட்டுல காய வச்சு காய வச்சு, பாதி நெல்லு பொரியாவே ஆயிடுச்சு. அப்பவும் மிஷின் பதினேழரையிலயே நிக்குது. மனுஷன் குவியல் மேலயே உக்காந்து அழுவ ஆரம்பிச்சுட்டாரு. அதிகாரி பதறிப்போயி ஓடி வந்தாரு. தோள்ல கைய வச்சாரு. 'பெரியவரே… கொஞ்சம் தள்ளிப் போயி அழுவுங்க.'"

மூன்று எண்கள் ஒன்றாகிவிட்டன. திருப்பிச் சொன்னவர் உதிர்த்ததை நாங்களும் உதிர்த்தோம். ஈரப்பதம் ஏறும் என்ற காரணம் இல்லை. பதினேழு முதல் வரியிலேயே நடப்பட்டது. "அரைதானே" என்ற இடம் நகரத்தாருக்காகச் சேர்த்தது. எண்ணின் கறாரை அது காட்டிவிடுகிறது. இறுதிச் சொல்லுக்குப் பின் ஒரு சொல்லும் இல்லை.

சிறு அவையில் தெரியாத ஒன்று மேடையில் தெரிந்தது. ஒலிபெருக்கிகள் தெருக்கோடி வரை கட்டப்பட்டிருந்ததால், முன்னால் பாயில் அமர்ந்திருந்தவர்கள் சிரித்து முடிக்கும் நேரத்தில்தான் கோடியில் நின்றவர்களின் சிரிப்பு வந்து சேர்ந்தது. அவர் அடுத்த வாக்கியத்தைத் தொடங்க வாயெடுத்து, அந்த இரண்டாவது அலைக்காக நிறுத்தினார். சிறு அறையில் பழகிய இடைவெளி திறந்த வெளியில் போதாது என்பதை அறைக்குள் சோதித்து அறிய வழியில்லை. அடுத்து வந்த பழைய துணுக்கு வழக்கம்போல் சிரிப்பு வாங்கியது.

இந்தத் துணுக்குக்கு எல்லைகள் உண்டு, அவை எங்கள் குறிப்பேட்டில் எழுதப்பட்டிருக்கின்றன. மீன்பிடித் தொழில் செய்யும் கடற்கரை ஊர்களில் இதைச் சொல்வதில்லை என்று அவர் முடிவு செய்திருக்கிறார். அங்கே 17 என்ற எண்ணை எவ்வளவு நட்டாலும் அது கேள்விப்பட்ட எண்ணாகவே இருக்கும், பட்ட எண்ணாக இருக்காது. மழை பெய்துகொண்டிருக்கும் வாரத்தில், கேட்பவர்களின் நெல் களத்தில் கிடக்கும் நாளில், வயல் ஊர்களிலும் சொல்வதில்லை. சம்பா அறுவடை தொடங்கும் தை மாதத்தில் பனியாலும் நெல்லில் ஈரம் ஏறும் என்பதால், மேடையேறுவதற்கு முன் அந்த ஊர்க் கொள்முதல் நிலையத்தின் முன்னால் எத்தனை குவியல்கள் நிற்கின்றன என்று அவர் பார்த்துவிட்டுப் போகிறார். நகர அவைகளில் சிரிப்பு இன்னும் சற்றுத் தாமதமாகத்தான் வருகிறது. "அரைதானே" என்ற வரிக்கு முன் மிஷினின் ஊசியையோ எண்ணையோ விவசாயி எட்டிப் பார்க்கும் ஒரு சிறு நடிப்பைச் சேர்த்தால் அந்தத் தாமதம் குறையுமா என்பதை, வேறு எதையும் மாற்றாமல், நூலக மாடியின் அடுத்த கூட்டத்தில் பார்க்க இருக்கிறோம்.